தொலைந்தது மூன்று தாள், கடிதத்தில் இருந்தது இரண்டு: ஒரு மாற்று மதிப்பெண் பட்டியல் விண்ணப்பத்தின் கதை

மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொலைந்த மதிப்பெண் பட்டியலுக்கு மாற்று கேட்டு வருகிற கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். ஓய்வுக்குப் பிறகும் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது கடிதத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒன்றை இங்கே முழுதாக எழுதுகிறேன். இத்தகைய கடிதம் எங்கெங்கே சிக்கும் என்பது இந்த ஒரு விஷயத்திலேயே தெரிந்துவிடும். பெயர், பதிவெண், தேதிகள் எல்லாம் மாற்றப்பட்டவை.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பாண்டிச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். 2011 ஜூன் முதல் 2014 ஏப்ரல் வரை மதுரையில் வேறொரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர். பிறகு பி.எட். முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஒரு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்காக ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். பட்டியல்களை இரண்டு கட்டாகப் பிரித்துக் கொடுத்ததில் ஒரு கட்டு வீடு வந்து சேரவில்லை. கடையிலேயே விடுபட்டதா, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பையிலிருந்து நழுவியதா என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது. வீட்டில் போய்ப் பார்த்தபோது முதல், இரண்டாம், ஐந்தாம், ஆறாம் பருவப் பட்டியல்கள் இருந்தன. பட்டச் சான்றிதழும் இருந்தது. மூன்றாம், நான்காம் பருவப் பட்டியல்கள் இல்லை.

முதலில் எந்த அலுவலகம் என்ற கேள்வி. அவருடைய அப்பா பல்கலைநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறார். உசிலம்பட்டியிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது, பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கிறது, அதனால் அங்கே போனதில் வியப்பில்லை. ஆனால் தன்னாட்சிக் கல்லூரியில் பருவத் தேர்வை நடத்துவதும், விடைத்தாள் திருத்துவதும், மதிப்பெண் பட்டியல் அச்சடிப்பதும் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்தான். பல்கலைக்கழகம் தருவது பட்டம். தன்னாட்சி இல்லாத இணைவுக் கல்லூரியில் படித்தவருக்கு இது தலைகீழ்: பட்டியலே பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலிருந்து வந்திருக்கும், கல்லூரி அலுவலகம் விண்ணப்பத்துக்கு மேலொப்பம் இட்டு அனுப்பும். குழப்பம் வேண்டாம் என்றால் கையில் மிச்சமிருக்கிற ஏதாவது ஒரு பருவப் பட்டியலின் அடிப்பகுதியைப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவரின் பதவிக்குக் கீழே எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கேதான் மாற்றும் கிடைக்கும். படித்த காலத்தில் கல்லூரிக்குத் தன்னாட்சி இருந்ததா என்பதுதான் கணக்கு. இன்றைக்கு இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

அதன்பின் கல்லூரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அது திரும்பி வந்த பிறகுதான் அப்பாவும் மகளும் என்னிடம் வந்தார்கள். முதல் கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஒன்றரைப் பக்கம். குடும்ப நிலை, வேலைக்கு எத்தனை வருடமாகக் காத்திருக்கிறார், அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் மனம் விட்டு எழுதியிருந்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் தேர்வுப் பிரிவுக்கு வேண்டியது அதில் இரண்டே வரி: "நான் 2011–14இல் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். எனது மூன்றாம், நான்காம் பருவ மதிப்பெண் பட்டியல்கள் பேருந்தில் தொலைந்துவிட்டன."

அந்த அலுவலகம் எப்படித் தேடும் என்று தெரிந்தால்தான் இந்த இரண்டு வரி ஏன் போதாது என்பது விளங்கும். பழைய மதிப்பெண்கள் மாணவர் பெயரில் அடுக்கப்பட்டிருப்பதில்லை. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் அந்தத் தேர்வுக்கான மதிப்பெண் பதிவேடு ஒன்று தயாராகும். நவம்பர் 2012 தேர்வுக்கு ஒன்று, ஏப்ரல் 2013 தேர்வுக்கு ஒன்று. அதற்குள் துறை வாரியாக, துறைக்குள் பதிவெண் வாரியாக வரிசை. கணினியில் ஏற்றியிருந்தாலும் பெரும்பாலும் தேடும் திறவுகோல் இதேதான். ஆகவே அலுவலருக்கு வேண்டியது மூன்று: பதிவெண், பாடப்பிரிவு, தேர்வு எழுதிய மாதமும் ஆண்டும். "மூன்றாம் பருவம்" என்றால் எந்தத் தேர்வு என்று அவர்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு மாணவர் ஒரு பருவம் நின்று மீண்டும் சேர்ந்திருந்தால் அந்தக் கணக்கு தவறும். பதிவெண் இல்லாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரே வகுப்பில் இரண்டு பாண்டிச்செல்வி இருப்பது சர்வசாதாரணம்.

பதிவெண் அவரிடம் இருந்தது, முதல் பருவப் பட்டியலிலேயே அச்சாகியிருந்தது. கடிதத்தில் எழுதத்தான் தோன்றவில்லை. எல்லாமே தொலைந்தவர்கள் பட்டச் சான்றிதழ், தற்காலிகச் சான்றிதழ், பழைய நுழைவுச்சீட்டு, வேலைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த ஜெராக்ஸ் என்று தேடினால் எங்காவது அகப்படும். அதுவும் இல்லையென்றால் கூடப் படித்தவர்களைக் கேட்கலாம். ஒரு வகுப்பின் பதிவெண்கள் பெரும்பாலும் தொடர்வரிசையாக இருக்கும், அதனால் உடன் படித்த ஒருவரின் எண்ணே அலுவலரைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கடிதத்தில் "எனது பதிவெண் நினைவில் இல்லை, என் வகுப்பு மாணவியின் பதிவெண் இது" என்று எழுதுவதில் தவறே இல்லை.

அடுத்து நான் கேட்டதுதான் இந்த விஷயத்தின் மையம்.

"ஏம்மா, மூணாவது, நாலாவது செமஸ்டர்ல அரியர் ஏதும் இருந்துச்சா?"

கொஞ்சம் தயங்கினார். "மூணாவது செமஸ்டர்ல அலைடு கெமிஸ்ட்ரி போயிருச்சு சார். அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்."

"எப்ப எழுதுனீங்க?"

"அஞ்சாவது செமஸ்டர் எழுதும்போது. 2013 நவம்பர்."

"அதுக்குத் தனியா ஒரு மார்க் ஷீட் குடுத்தாங்களா, இல்ல அஞ்சாவது செமஸ்டர் ஷீட்லயே வந்துச்சா?"

ஐந்தாம் பருவப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அதில் வேதியியல் இல்லை. தனித்தாள்தான் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் தொலைந்த கட்டோடு போயிருக்கிறது. மூன்றாம் பருவத்தோடு சேர்த்து ஒரே உறைக்குள் வைத்திருந்ததாக அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், சொல்லவும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் மாற்றுப் பட்டியல் விஷயத்தில் அரியர் என்பது தவிர்க்க முடியாத விவரம். சில கல்லூரிகளில் அந்தத் தேர்வில் எழுதிய அரியர் பாடமும் அந்தப் பருவத்துப் பாடங்களும் ஒரே பட்டியலில் வரும். சில கல்லூரிகளில் தனித்தாளாக வரும். தனித்தாள் என்றால் அது வேறு பதிவேட்டில், நவம்பர் 2013இல் கிடக்கிறது. கேட்டால்தான் எடுப்பார்கள்.

அப்பா குறுக்கே கேட்டார்: "அதான் பாஸ் பண்ணிட்டாளே சார், மூணாவது செமஸ்டர் ஷீட்லயே பாஸ்னு போட்டுக் குடுத்துர மாட்டாங்களா?"

மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. மாற்றுப் பட்டியல் என்பது அன்றைக்குக் கொடுத்த தாளின் மறுபதிப்பு. நவம்பர் 2012 பட்டியலில் வேதியியலுக்கு எதிரே தேர்ச்சி இல்லை என்று அன்று அச்சிட்டிருந்தால், இன்றைக்கு வரும் மாற்றிலும் அப்படியேதான் வரும். தேர்ச்சி பெற்றதைக் காட்டுவது நவம்பர் 2013 தாள் மட்டுமே. முதல் கடிதத்தின்படியே கல்லூரி இரண்டு தாளைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரிபார்ப்பு மேசையில் வேதியியலில் தேர்ச்சி பெறாத ஒரு பட்டியலை நீட்டிவிட்டு, தேர்ச்சிக்கான தாளுக்காக மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி காத்திருந்திருப்பார். அவர் மூன்று தாள் கேட்க வேண்டியிருந்தது.

கடிதம் திரும்பி வந்ததற்கு நேரடிக் காரணம் வேறு. இணைத்திருந்த காவல்துறைப் பதிவில் "ஆரப்பாளையம் பேருந்து நிலையம் அருகே ஜெராக்ஸ் கடையில்" என்று இருந்தது. கடிதத்தில் "உசிலம்பட்டி பேருந்தில்" என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அலுவலர் நிறுத்தத்தான் செய்வார். ஒரே பட்டியலுக்கு இரண்டு தாள் புழக்கத்தில் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை, அதனால் தொலைந்த விதம், இடம், நாள் மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். உறுதியாகத் தெரியாததைத் தெரியாதபடியே எழுதுவதுதான் சரி: "ஜெராக்ஸ் எடுத்த இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே தொலைந்தது, எந்த இடத்தில் என்று உறுதியாகத் தெரியவில்லை." இதையே காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தால் முரண்பாடே வராது.

காவல்துறைக் காகிதம் பற்றி ஒன்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையத்தளத்தில் தொலைந்த ஆவணங்களைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, எல்.டி.ஆர். என்பார்கள். கல்விச் சான்றிதழும் அதில் அடங்கும். பதிவு செய்தால் எண்ணோடு ஓர் அறிக்கை கிடைக்கும். ஆனால் அது நீங்கள் சொன்னதை நீங்களே பதிந்த அறிக்கை. காவலர்கள் விசாரித்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. சில கல்லூரிகள் அதை ஏற்கின்றன. சில கல்லூரிகள் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது பெற்று, "கண்டுபிடிக்க இயலவில்லை" என்று ஆய்வாளர் கையொப்பமிட்ட சான்று வேண்டும் என்கின்றன. சில இடங்களில் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். இதில் எது வேண்டும் என்று தேர்வுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அலைவதுதான் உத்தமம். இவருடைய கல்லூரி காவல் நிலையச் சான்று கேட்டது. எல்.டி.ஆரில் இரண்டு தாள் மட்டும் பதிந்திருந்ததால், மூன்று தாளையும் எழுதி, இடத்தையும் திருத்தி, நிலையத்தில் புதிதாக மனு கொடுக்கச் சொன்னேன்.

கட்டணத்திலும் ஒரு சிக்கல். முதல் கடிதத்தோடு இரண்டு தாளுக்கான டி.டி. இணைத்திருந்தார்கள், கல்லூரி முதல்வர் பெயரில். அந்தக் கல்லூரிக்கு அது தேர்வுப் பிரிவுக் கணக்கின் பெயரில் இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் முதல் டி.டி.யின் ஆயுள் மூன்று மாதம்தான். கடிதம் போய் வந்து கொண்டிருப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டால் வங்கிக்கு வேறு நடக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் ஒரு தாளுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். எத்தனை தாள் என்பது உறுதியான பிறகு, யார் பெயரில், எந்த வழியில் கட்டுவது என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுவதே நல்லது.

இன்னொன்று பெயர். திருமணத்துக்குப் பின் அவருடைய ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருந்தது. பட்டியலில் அப்பா பெயரின் முதலெழுத்து. கடிதத்தில் புதிய பெயரை எழுதியிருந்தார். தேர்வுப் பிரிவின் கண்ணுக்கு அப்படி ஒரு மாணவியே கிடையாது. கடிதம் பட்டியலில் உள்ள பெயரில்தான் போக வேண்டும். ஆதார் வேறுபடுவதை ஒரு வரியில் சொல்லி, திருமணச் சான்றை இணைத்துவிட்டால் போதும். மாற்றுப் பட்டியல் கேட்கும்போதே பெயரையும் மாற்றித் தாருங்கள் என்று சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அது தனி நடைமுறை. இரண்டையும் கலந்தால் இரண்டுமே நிற்கும்.

எழுதிக் கொடுத்த கடிதம் இது:

அனுப்புநர்
மு. பாண்டிச்செல்வி,
(வீட்டு முகவரி, அஞ்சல் குறியீட்டு எண்),
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.
கைபேசி: (எண்)

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
(கல்லூரியின் பெயர்), மதுரை.

வழி: முதல்வர் அவர்கள், (கல்லூரியின் பெயர்), மதுரை.

ஐயா,

பொருள்: தொலைந்த மூன்று மதிப்பெண் பட்டியல்களுக்கு மாற்றுப் பட்டியல் வழங்க வேண்டுதல் – பி.எஸ்ஸி. இயற்பியல், 2011–2014, பதிவெண் 1127034 – தொடர்பாக.

பார்வை: காவல் நிலையச் சான்று எண் (எண்), நாள் (தேதி).

தங்கள் கல்லூரியில் ஜூன் 2011 முதல் ஏப்ரல் 2014 வரை பி.எஸ்ஸி. இயற்பியல் (முழுநேரம்) பயின்றேன். எனது பதிவெண் 1127034. மதிப்பெண் பட்டியலிலும் பட்டச் சான்றிதழிலும் என் பெயர் "பாண்டிச்செல்வி மு." என உள்ளது.

கீழ்க்கண்ட மூன்று பட்டியல்களின் அசல் என்னிடமிருந்து தொலைந்துவிட்டது:

மூன்றாம் பருவம் – தேர்வு: நவம்பர் 2012.
நான்காம் பருவம் – தேர்வு: ஏப்ரல் 2013.
மூன்றாம் பருவத் துணைப்பாடம் வேதியியல், மறுதேர்வு – தேர்வு: நவம்பர் 2013 (தனிப்பட்டியல்).

(தேதி) அன்று ஆரப்பாளையம் பேருந்து நிலையம் அருகே இப்பட்டியல்களை ஜெராக்ஸ் எடுத்தேன். அன்று மாலை வீட்டில் பார்த்தபோது இவை இல்லை. எந்த இடத்தில் தொலைந்தன என்று உறுதியாகத் தெரியவில்லை. கடையிலும் பேருந்துப் பணிமனையிலும் விசாரித்தேன், கிடைக்கவில்லை. காவல் நிலையச் சான்றை இணைத்துள்ளேன்.

அசல் பட்டியல்களை எவரிடமும் அடமானமாகவோ பிணையாகவோ கொடுக்கவில்லை எனவும், பின்னர் அவை கிடைத்தால் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்பேன் எனவும் உறுதி கூறுகிறேன்.

திருமணத்துக்குப் பின் ஆதார் அட்டையில் என் முதலெழுத்து மாறியுள்ளது. திருமணச் சான்றின் நகலை இணைத்துள்ளேன். பட்டியலில் பெயர் மாற்றம் கோரவில்லை.

மூன்று பட்டியல்களுக்கான கட்டணம் ரூ. (தொகை), (தேதி) அன்று செலுத்திய செல்லான் எண் (எண்). மாற்றுப் பட்டியல்களை நேரில் பெற்றுக்கொள்கிறேன். (தேதி) அன்று எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு உள்ளது, அழைப்புக் கடித நகலை இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)
பாண்டிச்செல்வி மு.

இணைப்பு: காவல் நிலையச் சான்று (அசல்), முதல் மற்றும் ஐந்தாம் பருவப் பட்டியல் நகல், பட்டச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், திருமணச் சான்று நகல், செல்லான், அழைப்புக் கடித நகல்.

இதில் சில வரிகளுக்கு விளக்கம் வேண்டும். அடமானம் பற்றிய வரி சிலருக்கு உறுத்தலாம். ஆனால் வேலை கொடுத்தவரிடமோ கடன் கொடுத்தவரிடமோ அசலை விட்டுவிட்டு, தொலைந்ததாகச் சொல்லி மாற்று கேட்பவர்கள் உண்டு என்பதால் அலுவலகம் அதை எதிர்பார்க்கும். முதல், ஐந்தாம் பருவ நகல்கள் எதற்கு என்று அப்பா கேட்டார். தொலைந்த தாளின் நகல் இல்லாதபோது, அதே மாணவியின் வேறு தாள் இருந்தால் அலுவலருக்குப் பெயர், பதிவெண், பாடப்பிரிவு எல்லாம் ஒரே பார்வையில் உறுதியாகும். தொலைந்த தாளின் ஜெராக்ஸே இருந்தால் இன்னும் நல்லது, அதில் தாளின் வரிசை எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணையும் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். பழைய தாளை ரத்து செய்து குறித்துக்கொள்ள அலுவலகத்துக்கு அதுதான் உதவும். சரிபார்ப்பு நாளை ஒரே வரியில், ஆதாரத்தோடு சொன்னதும் காரணத்தோடுதான். முதல் கடிதத்தின் ஒன்றரைப் பக்க வேண்டுகோளை விட இந்த ஒரு வரிக்குத்தான் அலுவலர் கோப்பை மேலே எடுத்து வைக்க முடியும், ஏனென்றால் அதை அவர் தன் குறிப்பில் காரணமாக எழுத முடியும்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் தபால் வரவு எண்ணும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பின்னால் போய்க் கேட்கும்போது பெயரைச் சொன்னால் தேடுவார்கள், வரவு எண்ணைச் சொன்னால் எடுப்பார்கள்.

பட்டியல்கள் வந்தன. மூன்றிலும் மேலே மாற்று என்பதைக் குறிக்கும் "டூப்ளிகேட்" முத்திரை இருந்தது. கையெழுத்து இப்போதைய கட்டுப்பாட்டு அலுவலருடையது, வழங்கிய தேதியும் இப்போதையது. 2012இல் எழுதிய தேர்வுக்கு இந்த ஆண்டுத் தேதியா என்று அவர் பதறிப்போய் எனக்கு அழைத்தார். அதுதான் முறை. தேர்வு நடந்த மாதம், ஆண்டு தாளின் உள்ளே பழையபடியே இருக்கும், வழங்கிய நாள் மட்டும் புதிது. வாங்கிய இடத்திலேயே சரிபார்க்க வேண்டியவை பதிவெண், பெயரின் எழுத்து, ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண், தேர்வு மாதம். மேசையை விட்டு நகர்ந்துவிட்டால் அச்சுப்பிழையைத் திருத்த மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அவர் பார்த்தபோது நவம்பர் 2012 பட்டியலில் வேதியியலுக்கு எதிரே தேர்ச்சி இல்லை என்றும், நவம்பர் 2013 தனித்தாளில் தேர்ச்சி என்றும் சரியாக இருந்தன.

சரிபார்ப்பு மேசையில் மாற்றுப் பட்டியலைப் பார்த்து அசல் எங்கே என்று கேட்டால் காட்டுவதற்காகக் காவல் நிலையச் சான்றின் நகலையும் முத்திரையிட்ட கடிதப் பிரதியையும் அதே கோப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய கட்டு எப்போதாவது கிடைத்தால் அதை எங்கும் காட்டாமல் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒப்படைத்ததற்கு ஒரு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லி அனுப்பினேன்.